ஹீமோகுளோபின் குறைவு: அந்த எண்ணுக்குக் கீழே இருக்கும் வரிகளை எப்படிப் படிப்பது?

இரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் கண் முதலில் போய் நிற்பது ஹீமோகுளோபின் என்ற வரியில்தான். 9.4 என்று இருக்கும், பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. அறிக்கையைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொல்வார்கள்: "இரத்தம் குறைவாக இருக்கிறது, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும்." பெரும்பாலும் அது பலித்தும் விடுகிறது. அதனால்தான் பலிக்காத இடங்களில் ஆண்டுக்கணக்கில் யாரும் மறுபடி யோசிப்பதில்லை.

அந்தத் தீர்ப்பில் இரண்டு குழப்பங்கள் இருக்கின்றன. முதலாவது, குறைந்திருப்பது இரத்தத்தின் அளவு அல்ல. ஹீமோகுளோபின் 9 இருக்கும் பெண்ணின் உடலிலும் ஏறத்தாழ அதே நான்கைந்து லிட்டர் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். இரத்த அழுத்தக் குறைவுக்கும் இதற்கும் முடிச்சுப் போடுவதும் தவறு. அது வேறு அளவை, வேறு கருவி. இரண்டாவது, இரத்தசோகை என்பது காய்ச்சலைப் போல. காய்ச்சல் இருக்கிறது என்று வெப்பமானி சொல்லும், எதனால் என்று சொல்லாது. ஹீமோகுளோபின் எண்ணும் அப்படியே. 'எதனால்' என்பதற்கான தடயம் அறிக்கையில் அதற்குக் கீழே, பலரும் தாண்டிப் போகும் மூன்று நான்கு வரிகளில் இருக்கிறது.

குறைந்திருப்பது எது?

இரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் நிறைந்திருக்கும் புரதம்தான் ஹீமோகுளோபின். நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு போய்த் திசுக்களில் இறக்கிவிடுவது அதன் வேலை. ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் நான்கு இரும்பு அணுக்கள் இருக்கின்றன. ஆக்சிஜன் வந்து ஒட்டுவது அந்த இரும்பில்தான்.

சிவப்பணுக்களைப் பேருந்துகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன்தான் பயணி. ஹீமோகுளோபின் இருக்கை. நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் மொத்தம் எத்தனை கிராம் 'இருக்கை' இருக்கிறது என்பதையே அறிக்கையின் முதல் எண் சொல்கிறது. கருவுறாத வயதுவந்த பெண்ணுக்கு அது 12 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. 11 முதல் 11.9 வரை லேசானது, 8 முதல் 10.9 வரை நடுத்தரம், 8க்குக் கீழே கடுமையானது. கர்ப்பகாலத்தில் இந்த வரம்பு 11 அல்லது அதற்குச் சற்றுக் கீழே இறங்கும். அப்போது சிவப்பணுக்கள் பெருகுவதைவிட இரத்தத்தின் நீர்ப்பகுதி அதிகமாகப் பெருகுவதால் எல்லாம் சற்று நீர்த்துப்போகிறது.

மொத்த இருக்கைகள் குறைந்துவிட்டன என்றால் அதற்கு இரண்டு வழிகள் உண்டு. பேருந்துகளின் எண்ணிக்கை குறைந்திருக்கலாம், அல்லது எண்ணிக்கை போதுமானதாக இருந்தும் ஒவ்வொன்றும் சிறிய வண்டியாக இருக்கலாம். மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது.

அடுத்து படிக்க வேண்டிய மூன்று வரிகள்

முதலாவது, சிவப்பணு எண்ணிக்கை. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில், அதாவது ஒரு சிறு துளியின் சின்னஞ்சிறு பகுதியில், எத்தனை பேருந்துகள் என்பது. பெண்களுக்கு ஏறத்தாழ 38 முதல் 48 லட்சம் வரை இயல்பு. அறிக்கைகளில் 3.8, 4.8 என்று மில்லியன் கணக்கில் அச்சாகியிருக்கும்.

இரண்டாவது, எம்.சி.வி. ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன் இது. பேருந்தின் அளவு என்று கொள்ளலாம். 80 முதல் 100 வரை இயல்பு. 80க்குக் கீழே என்றால் சிற்றணு, 100க்கு மேலே என்றால் பேரணு. முழு அறிக்கையிலும் ஒரே ஓர் எண்ணைத்தான் கூடுதலாகப் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் பார்ப்பேன்.

மூன்றாவது, ஆர்.டி.டபிள்யூ. பேருந்துகள் எல்லாம் ஒரே அளவில் இருக்கின்றனவா, அல்லது பெரிதும் சிறிதுமாகக் கலந்து ஓடுகின்றனவா என்பதைச் சதவீதத்தில் சொல்வது. ஏறத்தாழ 14.5க்கு மேலே போனால் கலப்பு அதிகம் என்று பொருள். இயல்பு அளவுகள் ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும் என்பதால், அறிக்கையின் வலப்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் வரம்பையே ஒப்பிட வேண்டும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஹீமோகுளோபின் மொத்த இருக்கைகளைச் சொல்கிறது, சிவப்பணு எண்ணிக்கை வண்டிகளைச் சொல்கிறது, எம்.சி.வி. வண்டியின் அளவைச் சொல்கிறது, ஆர்.டி.டபிள்யூ. அளவில் உள்ள கலப்பைச் சொல்கிறது.

இரும்பு குறைந்தால் அணு ஏன் சிறுத்துப்போகிறது?

சிவப்பணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. முன்னோடி அணு ஒன்று பல முறை பிரிந்து பிரிந்து, அதே சமயம் உள்ளே ஹீமோகுளோபினை நிரப்பிக்கொண்டே போகும். ஒவ்வொரு பிரிவிலும் அணு சிறுத்துக்கொண்டே வரும். உள்ளே ஹீமோகுளோபின் போதிய அடர்த்தியை எட்டியதும் பிரிவது நின்றுவிடும். இரும்பு போதவில்லை என்றால் அந்த அடர்த்தி வருவதற்குத் தாமதமாகிறது. அதற்குள் இன்னொரு முறை பிரிந்துவிடுகிறது. வெளியே வருவது சிறிய, வெளிறிய அணு.

சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். இன்று இரும்பு தீர்ந்துபோனாலும் மூன்று மாதங்களுக்கு முன் செய்த நல்ல அளவுள்ள அணுக்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பழைய பெரிய வண்டிகளும் புதிய சிறிய வண்டிகளும் ஒரே சாலையில் கலந்து போகும். ஆகவேதான் இரும்புக் குறைபாட்டில் எம்.சி.வி. குறையும்போது ஆர்.டி.டபிள்யூ. கூடுகிறது. பின்னால் வரும் ஒரு குழப்பத்தைத் தீர்க்க இந்தச் சேர்க்கை உதவும்.

ஓர் அறிக்கையை எடுத்துப் படிப்போம்

விளக்கத்துக்காக நான் அமைத்த மாதிரி இது. வயது 34, இரண்டு குழந்தைகளின் தாய். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது என்று மருத்துவரிடம் போகிறார். ஹீமோகுளோபின் 9.4. சிவப்பணு எண்ணிக்கை 4.1 மில்லியன். எம்.சி.வி. 73. ஆர்.டி.டபிள்யூ. 17.5. வெள்ளணுக்கள் 7,200. தட்டணுக்கள் 4.6 லட்சம்.

முதலில் பார்க்க வேண்டியது மற்ற இரண்டு வகை அணுக்களை. வெள்ளணுக்கள் இயல்பாக இருக்கின்றன, தட்டணுக்கள் சற்றுக் கூடுதலாகவே இருக்கின்றன. இது நல்ல செய்தி. மூன்று வகையும் ஒன்றாகக் குறைந்திருந்தால் மஜ்ஜையே பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று தாமதமின்றித் தேட வேண்டியிருக்கும். இரும்புக் குறைபாட்டில் தட்டணுக்கள் கொஞ்சம் ஏறுவது வழக்கம். அதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

அடுத்து, வண்டிகளின் எண்ணிக்கை 4.1 மில்லியன், அதாவது இயல்புக்குள். ஆனால் எம்.சி.வி. 73. வண்டிகள் இருக்கின்றன, சிறுத்துவிட்டன. ஆர்.டி.டபிள்யூ. 17.5, அளவுகள் கலந்திருக்கின்றன. மூன்றையும் சேர்த்துப் படித்தால் இரும்புக் குறைபாடு என்ற ஐயம் வலுக்கிறது. அது இன்னும் ஐயம்தான். உறுதி செய்ய வேறொரு பரிசோதனை வேண்டும்.

கிடங்கைத் திறந்து பார்க்கும் பரிசோதனை

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஓர் இரும்புக் கிடங்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். வரத்து குறைந்தால் பணிமனை முதலில் கிடங்கில் இருப்பதை எடுத்து வண்டி கட்டும். கிடங்கு காலியான பிறகுதான் வண்டிகள் சிறுக்கத் தொடங்கும். அந்தக் கிடங்கின் பெயர் ஃபெரிட்டின். இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம். அதில் சிறிதளவு இரத்தத்திலும் கலந்திருப்பதால் அதை அளந்தே உடலின் இருப்பைக் கணிக்கிறார்கள். இது முழு இரத்த அணுப் பரிசோதனையில் அடங்காது, தனியாகக் கேட்டுச் செய்ய வேண்டும்.

ஆரோக்கியமான வயதுவந்தவருக்கு ஃபெரிட்டின் ஒரு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் கிடங்கு காலி என்று உலக சுகாதார நிறுவனம் கொள்கிறது. நடைமுறையில் பல மருத்துவர்கள் 30க்குக் கீழே வந்தாலே குறைபாடு என்று எடுத்துக்கொள்கிறார்கள். நம் மாதிரிப் பெண்ணுக்கு 6 வந்தது. ஐயம் தீர்ந்தது.

இதில் ஒரு பொறி உண்டு. உடலில் தொற்றோ அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் தானாகவே ஏறும். காய்ச்சலோடு இருக்கும்போது எடுத்த ஃபெரிட்டின் 50 என்று வந்தால், "இரும்பு நிறைய இருக்கிறது" என்று சொல்லிவிட முடியாது. அத்தகைய நிலையில் வரம்பை 70 வரை உயர்த்திப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு விஷயமும் இங்கே விளங்கும். கிடங்கு காலியாவது முதலில், ஹீமோகுளோபின் இறங்குவது கடைசியில். ஹீமோகுளோபின் 12.5 இருக்கும் பெண்ணுக்கும் ஃபெரிட்டின் 8 இருக்கலாம், களைப்பும் இருக்கலாம். அவருடைய அறிக்கையில் ஓர் அம்புக்குறிகூட விழுந்திருக்காது.

கிடங்கு ஏன் காலியாகிறது: மாதவிடாய்க் கணக்கு

பெண்களிடம் இரும்புக் குறைபாட்டுக்கு உணவைத்தான் முதல் குற்றவாளியாக நிறுத்துகிறார்கள். "ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை" என்ற வசையும் கூடவே வரும். உணவுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மாதவிடாய் நிற்காத பெண்களில் வரவைவிடச் செலவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் 0.4 முதல் 0.5 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு மாதவிடாயில் பொதுவாக 30 முதல் 40 மில்லிலிட்டர் வரை போகும். 80ஐத் தாண்டினால் அதிக உதிரப்போக்கு என்பது நெடுங்கால வரையறை. மாதத்துக்கு 120 மில்லிலிட்டர் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 50 மில்லிகிராம் இரும்பு போகிறது. 28 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 1.8 மில்லிகிராம். தோலும் குடலின் உள்ளுறையும் உதிர்வதால் எல்லோருக்கும் தினமும் போகும் 1 மில்லிகிராமையும் கூட்டினால் செலவு 2.8. குடல் உறிஞ்சித் தரும் வரவோ வழக்கமாக நாளுக்கு 1 முதல் 2 மில்லிகிராம்தான். இருப்பு குறையும்போது குடல் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சினாலும் அதற்கும் எல்லை உண்டு.

வரவு 2 என்றே தாராளமாக வைத்தாலும் நாளுக்கு 0.8 மில்லிகிராம் பற்றாக்குறை. ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 290 மில்லிகிராம். பல பெண்களின் மொத்தச் சேமிப்பே 300 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். ஓர் ஆண்டில் கிடங்கு துடைத்து வைத்தாற்போல் ஆகிவிடும். அவர் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருப்பார்.

வீட்டில் யாரும் மில்லிலிட்டர் அளந்து பார்ப்பதில்லை. ஆகவே வேறு அடையாளங்களைக் கேட்க வேண்டும்: ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பேடு மாற்ற வேண்டியிருக்கிறதா, அதற்காக நடு இரவில் எழ வேண்டியிருக்கிறதா, ஏழு நாளுக்கு மேல் நீள்கிறதா, பெரிய கட்டிகளாக விழுகிறதா? நம் மாதிரிப் பெண்ணிடம் "மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா?" என்று கேட்டபோது "ஒழுங்காக வருகிறது" என்றார். அதுவும் உண்மைதான், 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வந்தது. எத்தனை நாள், இரவில் எழுவதுண்டா என்று கேட்ட பிறகுதான் எட்டு நாள், இரவில் இரண்டு முறை என்று தெரிந்தது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான் என்பதால் அதை ஒரு குறையாக அவர் நினைத்ததே இல்லை. கருப்பை நார்க்கட்டி, தைராய்டு சுரப்புக் குறைவு, தாமிரக் கருத்தடைச் சாதனம், பிறவியிலேயே இரத்தம் உறைவதில் உள்ள குறை ஆகியவை இத்தகைய போக்குக்குக் காரணமாகலாம். மாத்திரையோடு நிறுத்தாமல் அந்தக் காரணத்தையும் பார்க்காவிட்டால் ஓட்டைத் தொட்டியில் நீர் ஊற்றிய கதைதான்.

கர்ப்பம் இன்னொரு பெரிய செலவு. ஒரு கர்ப்பகாலம் முழுவதற்கும் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. பாதி காலியான கிடங்கோடு அடுத்தடுத்துக் கருவுறும்போது கணக்கு மேலும் மோசமாகிறது.

மாதவிடாய் நின்றுபோன பெண்ணுக்கு இந்த விளக்கங்கள் எவையும் பொருந்தாது. 60 வயதில் இரும்புக் குறைபாடு என்றால் இரத்தம் வேறெங்கோ கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரைப்பையிலும் பெருங்குடலிலும் தேடுவார்கள். வயிற்றுப்புண், வலிநிவாரணி மாத்திரைகளால் வரும் கசிவு, குடல் புற்றுநோய் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அந்த வயதில் உள்நோக்கிப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு மாத்திரையை மட்டும் விழுங்குவது ஆபத்தான சமாதானம்.

இந்தப் பகுதியின் சாரம்: இரும்புக் குறைபாடு என்று தெரிந்ததும் கேள்வி முடிவதில்லை. இரும்பு எங்கே போனது என்பதுதான் அடுத்த கேள்வி.

அணு சிறியது, இரும்போ குறையவில்லை

இப்போது அந்தக் குழப்பத்துக்கு வருவோம். நம் மாதிரிப் பெண்ணின் தோழி ஒருவர். ஹீமோகுளோபின் 10.8, எம்.சி.வி. 62. இவரும் சின்ன வயதிலிருந்தே விட்டுவிட்டு இரும்பு மாத்திரை சாப்பிட்டு வருகிறார். எண் மட்டும் 11ஐத் தாண்டியதே இல்லை.

சிவப்பணு எண்ணிக்கையைப் பாருங்கள்: 5.6 மில்லியன். இயல்பைவிட அதிகம். ஆர்.டி.டபிள்யூ. 14.3, கலப்பு இல்லை. வண்டிகள் எல்லாமே சிறியவை, ஒரே சீராகச் சிறியவை, எண்ணிக்கையோ ஏராளம். பணிமனைக்கு இரும்புப் பஞ்சம் இல்லை. வண்டியின் வரைபடமே சிறியது. இது தலசீமியா மரபுக்கூறாக இருக்கலாம். ஹீமோகுளோபினின் புரதச் சங்கிலியைச் செய்யும் மரபணுவில் ஒன்று பிறப்பிலேயே பழுதுபட்டிருக்கும் நிலை இது. இதைக் கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்ந்துவிடுவார்கள்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வகுத்தல் கணக்கு உண்டு, மென்ட்சர் குறியீடு என்று பெயர். எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். முதல் பெண்ணுக்கு 73ஐ 4.1 ஆல் வகுத்தால் 17.8. தோழிக்கு 62ஐ 5.6 ஆல் வகுத்தால் 11.1. 13க்கு மேலே போனால் இரும்புக் குறைபாட்டின் பக்கம், 13க்குக் கீழே வந்தால் தலசீமியா மரபுக்கூறின் பக்கம் சாய்கிறது. இது சந்தேகத்தை எழுப்பும் கணக்கு மட்டுமே, தீர்ப்பு அல்ல. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கலாம். தோழிக்கு ஃபெரிட்டின் 64 வந்தது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனையில் ஏ2 என்ற வகை 5.2 சதவீதம் இருந்தது. 3.5க்கு மேல் போனால் பீட்டா தலசீமியா மரபுக்கூறு என்று கொள்வார்கள். இரும்புக் குறைபாடு ஏ2 அளவைக் கீழே இழுத்து மறைத்துவிடக்கூடும் என்பதால், குறைபாடு இருந்தால் அதைச் சரிசெய்த பிறகு இந்தப் பரிசோதனையைச் செய்வது நல்லது.

பெரிய அணு, இயல்பான அணு

எம்.சி.வி. 100ஐத் தாண்டினால் கதை தலைகீழாகிறது. வைட்டமின் பி12 அல்லது ஃபோலேட் குறையும்போது அணு வளர்கிறது, ஆனால் டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் பிரிய முடியாமல் திணறுகிறது. பெரிதாக, எண்ணிக்கையில் குறைவாக வெளியே வருகிறது. பி12 விலங்குவழி உணவுகளில் மட்டுமே இயல்பாகக் கிடைப்பதால் சைவ உணவு மட்டும் உண்பவர்களிடம் இதைத் தேட வேண்டும். கை கால் மரத்துப்போதல், நடையில் தடுமாற்றம் இருந்தால் தாமதிக்கக் கூடாது. பி12 குறைந்திருக்கும்போது ஃபோலேட்டின் மாத்திரை வடிவமான ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ஹீமோகுளோபின் ஏறிவிடும், நரம்புச் சேதமோ உள்ளுக்குள் தொடரும்.

எம்.சி.வி. இயல்பாக இருந்து ஹீமோகுளோபின் குறைந்தால் சிறுநீரகம், நீண்டகால அழற்சி, அண்மையில் போன இரத்தம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். இரும்பும் பி12ம் சேர்ந்தே குறைந்திருந்தால் சிறியதும் பெரியதும் சராசரியில் ஒன்றையொன்று ஈடுகட்டி 88 என்று அழகான எண்ணைத் தந்துவிடும். அப்போது காட்டிக்கொடுப்பது ஆர்.டி.டபிள்யூ. மட்டும்தான்.

மாத்திரை தொடங்கிய பிறகு

முதல் பெண்ணுக்கு இரும்பு மாத்திரை தொடங்கியது. தேநீர், காபி, கால்சிய மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கினால் உறிஞ்சுவது குறையும். மலம் கறுப்பாகப் போவது இயல்பு. வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லி ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றிக்கொள்ளலாம். தினமும் விழுங்கும்போது முந்தைய நாள் மாத்திரையே அடுத்த நாளின் உறிஞ்சலைக் கொஞ்சம் தடுக்கிறது என்பதால் இந்த முறையும் வழக்கத்துக்கு வந்திருக்கிறது.

மூன்று, நான்கு வாரங்களில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். அவருக்கு 9.4 என்பது 10.9 ஆனது. ஆர்.டி.டபிள்யூ. 17.5இலிருந்து 21க்கு ஏறியதைப் பார்த்து அவர் பதறினார். புதிதாக வந்த இயல்பான அணுக்கள் பழைய சிறிய அணுக்களோடு கலந்ததால் வந்த ஏற்றம் அது, மருந்து வேலை செய்வதன் அடையாளம். எண் ஏறவே இல்லை என்றால் மூன்று கேள்விகள்: மாத்திரையை உண்மையில் சாப்பிடுகிறாரா, குடல் உறிஞ்சுகிறதா, போக்கு இன்னும் தொடர்கிறதா? இவற்றுக்குப் பிறகும் விடை கிடைக்காவிட்டால் நோயறிதலையே மறுபடி பார்க்க வேண்டும்.

ஹீமோகுளோபின் 12ஐத் தொட்டதும் பெரும்பாலானோர் நிறுத்திவிடுகிறார்கள். வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன, கிடங்கு இன்னும் காலி. அவருக்கு மேலும் மூன்று மாதம் தொடரச் சொன்னார்கள், கூடவே அதிக உதிரப்போக்குக்குக் காரணம் தேடியபோது தெரியவந்த கருப்பை நார்க்கட்டிக்கான சிகிச்சையும் நடந்தது.

தோழிக்கு எந்த மாத்திரையும் எழுதவில்லை. அவருடைய கோப்பின் முதல் பக்கத்தில் 'பீட்டா தலசீமியா மரபுக்கூறு, ஃபெரிட்டின் பார்க்காமல் இரும்பு தர வேண்டாம்' என்று குறித்தார்கள். அவர் கருவுறுவதற்கு முன்பே கணவரின் இரத்தத்தையும் சோதிக்கச் சொன்னார்கள். இருவரிடமும் அந்த மரபுக்கூறு இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று.